தட்டப்பயறில் இடம் மாறிய ஒரு மரபணு

தட்டப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் இறுக்கிக் கட்டி வையுங்கள். அடுத்த நாள் மூட்டைக்குள் விரலை விட்டால் லேசான சூடு தெரியும். முளைக்கிற பயறு மூச்சு விடுகிறது. அந்தச் சூடு அதிலிருந்து வருவது. ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சேமித்து வைத்த மாவுச்சத்தை எரித்து, கடைசியில் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. ஒப்படைக்கும் இயந்திரத்தின் பெயர் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். பல புரதங்கள் சேர்ந்த அந்த இயந்திரத்தில் தாமிர அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பாகத்துக்குக் காக்ஸ்-2 என்று பெயர்.

மனிதனிலும் நெல்லிலும் இந்தக் காக்ஸ்-2 புரதத்தைச் செய்வதற்கான மரபணு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே, அதன் சொந்த டி.என்.ஏ.வில் இருக்கிறது. பட்டாணியில் அது மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது, செல்லின் உட்கருவிலும் ஒரு பிரதி இருக்கிறது. வேலை செய்வது மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதுதான். சோயாவிலும் இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் அங்கே வேலை செய்வது உட்கருவில் இருப்பது. தட்டப்பயறிலும் பாசிப்பயறிலும் மைட்டோகாண்ட்ரியாப் பிரதியே கிடையாது. மரபணு முழுக்க உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆக, மளிகைக் கடையில் பக்கத்துப் பக்கத்து மூட்டைகளில் இருக்கும் பயறுகளிலேயே ஒரு மரபணுவின் இடப்பெயர்ச்சியை மூன்று கட்டங்களில் பார்க்கலாம்.

இது ஏன் இப்படி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. பசுங்கணிகமும் அப்படித்தான், அது சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல். செர்கே மெரெஷ்கோவ்ஸ்கி என்ற ரஷ்யர் பசுங்கணிகத்தைப் பற்றி 1905-லேயே இதைச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1962, 63-ல் இந்த இரண்டு உறுப்புகளுக்குள்ளும் டி.என்.ஏ. இருப்பது நுண்ணோக்கியில் தெரிந்தது. 1967-ல் லின் மார்குலிஸ் அந்தப் பழைய யோசனையைப் புதிய சான்றுகளோடு திரும்பக் கொண்டுவந்தார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கும். அங்கே ஒரே வரியில் தாண்டிவிடுகிற விஷயம் இன்னொன்று: உள்ளே வந்த பாக்டீரியாவின் மரபணுக்கள் என்ன ஆயின?

தனியாக வாழும் சினிகோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவில் சுமார் 3,200 புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. புகையிலையின் பசுங்கணிகத்தில் இருப்பவை சுமார் 80. அதன் டி.என்.ஏ. முழுவதும் 1986-ல் ஜப்பானின் நகோயாவில் படிக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 1,56,000 எழுத்துகள். மைட்டோகாண்ட்ரியாவில் சுருக்கம் இன்னும் கடுமை. மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. 1981-ல் கேம்பிரிட்ஜில் படிக்கப்பட்டது. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் செய்பவை 13 மட்டுமே. மற்றவை அந்தப் புரதங்களைச் செய்யும் ரிபோசோமுக்கும், அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கும் உரியவை. ஆனால் ஒரு மைட்டோகாண்ட்ரியாவை நடத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். பதின்மூன்று போக மிச்சம் எல்லாம் உட்கருவின் மரபணுக்களைக் கொண்டு வெளியே தயாராகி, இறக்குமதியாகி வருபவை.

நீளத்தை வைத்து மரபணு எண்ணிக்கையை ஊகிக்கவும் முடியாது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மனிதனுடையதைப் போல 22 மடங்கு நீளம். மரபணுக்களோ 57. இடையில் எதற்கென்று தெரியாத வெற்று நிலம்தான் அதிகம். செடிகளின் மைட்டோகாண்ட்ரியா கண்ட டி.என்.ஏ.வையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பசுங்கணிகத் துண்டுகளும் அதில் கிடக்கும்.

எந்த மரபணு எங்கே தங்கியது என்பதில் வேடிக்கையான பங்கீடுகள் உண்டு. இலையில் மிக அதிகமாக இருக்கும் புரதம் ரூபிஸ்கோ, காற்றின் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது. அதில் எட்டுப் பெரிய துணைப்புரதங்களும் எட்டுச் சிறிய துணைப்புரதங்களும் சேர்ந்திருக்கும். பெரியதன் மரபணு பசுங்கணிகத்தில், சிறியதன் மரபணு உட்கருவில். சிறியது செல்லின் பொதுவெளியில் தயாராகி, பசுங்கணிகத்தின் சவ்வுகளைத் தாண்டி உள்ளே போய்ப் பெரியதோடு சேரவேண்டும். ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்களை இரண்டு ஊர்களில் செய்து ஒரே ஊரில் பூட்டுகிற மாதிரி. எந்தப் பொறியாளரும் இப்படித் திட்டம் போடமாட்டார். இது திட்டம் போட்டு வந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

காணாமல் போன மரபணுக்கள் எல்லாம் உட்கருவுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வந்த பாக்டீரியாவுக்கு நீந்தத் தேவையில்லை, சுவர் கட்டத் தேவையில்லை. அவற்றுக்கான மரபணுக்கள் சும்மா அழிந்தன. ஆனால் போனவையும் ஏராளம். 2002-ல் வில்லியம் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் அராபிடாப்சிஸின் உட்கரு மரபணுக்களைச் சயனோபாக்டீரியா மரபணுக்களோடு ஒப்பிட்டு, சுமார் 18 சதவீதம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று கணித்தார்கள். அதிலும் பல இப்போது பசுங்கணிகத்துக்கு வேலை செய்வதே இல்லை. வந்த இடத்தில் வேறு வேலை தேடிக்கொண்டுவிட்டன.

சரி, காக்ஸ்-2-வுக்கு வருவோம். அது உட்கருவுக்கு எப்படிப் போனது என்பதற்குத் தடயம் அதன் எழுத்துகளிலேயே கிடைத்தது.

பூக்கும் செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகு, சில குறிப்பிட்ட இடங்களில் சி என்ற எழுத்தை யு என்று திருத்திவிடும். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துவது போல, கையெழுத்துப் பிரதியில் தப்பு அப்படியே இருக்கும், அச்சாகி வரும்போது சரியாக இருக்கும். புரதம் செய்யப்படுவது திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ.விலிருந்துதான். இன்னொன்று, பல செடிகளின் மைட்டோகாண்ட்ரியாக் காக்ஸ்-2-வின் நடுவே வெட்டி எறியப்படவேண்டிய இடைச்செருகல் பகுதியும் இருக்கும், அதுவும் ஆர்.என்.ஏ. நிலையில் நீக்கப்படும்.

1991-ல் ஜாக்கலின் நியூஜென்ட்டும் ஜெஃப்ரி பாமரும் தட்டப்பயறின் உட்கருவில் இருந்த காக்ஸ்-2-வைப் படித்தபோது, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் சி இருக்கும் அந்தத் திருத்த இடங்களில் ஏற்கனவே திருத்தப்பட்ட எழுத்தே இருந்தது. அந்த இடைச்செருகலும் காணோம். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதியிருந்தால் தப்புகளும் கூடவே வந்திருக்கும். அச்சுப் பிரதியைப் பார்த்து எழுதியதால்தான் வரவில்லை. அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் திருத்தப்பட்ட ஆர்.என்.ஏ. ஒன்று மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு, அது உட்கருவின் குரோமோசோமில் செருகப்பட்டிருக்கிறது.

இந்த வழி செடிக்கு வசதியும்கூட. உட்கருவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் பிழைதிருத்தம் கிடைக்காது. திருத்தம் தேவைப்படும் மரபணு அப்படியே போயிருந்தால், போன இடத்தில் பிழையான புரதம்தான் கிடைத்திருக்கும்.

ஆனால் போய்ச் சேர்வது ஒன்று, போன இடத்தில் வேலை கிடைப்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மொத்த விஷயமும் குழம்பிவிடும். உட்கருவில் விழுந்த மரபணுவுக்கு முதலில் வேண்டியது, தன்னைப் படியெடுக்கச் சொல்லும் ஒரு தொடக்கக் குறி. மைட்டோகாண்ட்ரியாவின் தொடக்கக் குறி உட்கருவுக்குப் புரியாது. அப்புறம், ஆர்.என்.ஏ.வின் வாலை முடித்துவைக்கும் குறி. இவை இரண்டும் கிடைத்துப் புரதம் தயாரானாலும், அது செல்லின் பொதுவெளியில்தான் தயாராகும், வேலையோ மைட்டோகாண்ட்ரியாவுக்குள். உள்ளே போக விலாசம் வேண்டும். புரதத்தின் முன்முனையில் ஒட்டியிருக்கும் ஓர் அமினோ அமிலத் தொடரே அந்த விலாசம். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள வாயில் அதைப் படித்து, புரதத்தை நூல் போல நீட்டி உள்ளே இழுக்கும். உள்ளே போனதும் விலாசம் வெட்டி எறியப்படும். சோயாவின் காக்ஸ்-2-வுக்குக் கிடைத்திருக்கும் விலாசம் வழக்கத்தைவிட நீளமானது, ஒரே வெட்டில் போகாமல் மூன்று கட்டமாக நறுக்கப்படுகிறது.

விலாசம் இருந்தும் போதவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். காக்ஸ்-2 சவ்வுக்குள் பதிந்து நிற்கும் புரதம். சவ்வு எண்ணெய்ப் பசையானது, ஆகையால் அதில் பதியும் பகுதிகளும் தண்ணீரை வெறுப்பவை. உள்ளிருந்தே தயாராகும்போது இது நல்ல குணம். வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும்போதோ, அந்த எண்ணெய்ப் பகுதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும். 2002-ல் ஆஸ்திரேலியாவில் சோயாவை வைத்து இதைச் சோதித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் எழுதியிருக்கும் காக்ஸ்-2-வுக்குச் சரியான விலாசத்தை ஒட்டி வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள், உள்ளே போகவில்லை. உட்கருவில் எழுதியிருக்கும் காக்ஸ்-2 போனது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினால், சவ்வைத் தாண்டும் முதல் பகுதியில் உட்கருவின் வடிவம் கொஞ்சம் குறைவாகவே தண்ணீரை வெறுத்தது. அந்தப் பகுதியில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார்கள், மறுத்துக்கொண்டிருந்த புரதமும் உள்ளே போய்விட்டது.

ஆகவே அவரை குடும்பத்தின் மூதாதை ஒன்றில் மரபணு போய் விழுந்து, குறிகளையும் விலாசத்தையும் பிடித்து, எண்ணெய்த்தன்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. அப்போது ஒரே வேலைக்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒரு மரபணு போதும் என்பதால் எதில் பழுது வந்தாலும் செடிக்கு நஷ்டமில்லை. பழுது எங்கே முதலில் விழுந்தது என்பது கிட்டத்தட்ட நாணயத்தைச் சுண்டுவது மாதிரி. பட்டாணியின் வழியில் உட்கருப் பிரதி அடங்கிப்போனது, சோயாவின் வழியில் மைட்டோகாண்ட்ரியாப் பிரதி அடங்கிப்போனது, தட்டப்பயறின் வழியில் மைட்டோகாண்ட்ரியாப் பிரதி துடைத்தே எறியப்பட்டது. 1999-ல் பாமரின் குழு அவரை குடும்பத்தின் பல பேரினங்களைத் துருவிப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் இப்படி அடங்கிப்போவது தனித்தனியாகப் பலமுறை நடந்திருப்பதும், சில செடிகளில் இன்னும் இரண்டு பிரதிகளும் படியெடுக்கப்படுவதும் தெரிந்தது.

இதெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கு. ஒருவர் தன் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, டி.என்.ஏ. உட்கருவுக்குப் போவதைக் கண்ணால் பார்க்க முடியுமா? 2003-ல் அடிலெய்டில் ஜெரமி டிம்மிஸின் குழு புகையிலையை வைத்து இதைச் செய்து காட்டியது. சோதனையின் அமைப்பு அவ்வளவு அழகாக இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கனமைசின் என்ற மருந்து கலந்த கூழில் புகையிலை விதைகளைப் போட்டால் முளைக்கும், ஆனால் நாற்று வெளுத்துப் போய் நின்றுவிடும். கனமைசினை முறிக்கும் மரபணு ஒன்று உண்டு. அதை எடுத்து, உட்கருவுக்கு மட்டுமே புரியும் தொடக்கக் குறியைப் போட்டு, நடுவில் உட்கரு மட்டுமே வெட்டி நீக்கக்கூடிய இடைச்செருகல் ஒன்றையும் வைத்து, பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில் செருகினார்கள். பசுங்கணிகத்தில் இருக்கும்வரை அந்த மரபணு ஊமை. எப்போதாவது அது உட்கருவுக்குப் போய் விழுந்தால்தான் வாய் திறக்கும்.

இந்தச் செடியின் மகரந்தத்தைச் சாதாரணப் புகையிலையின் சூலகத்தில் தூவினார்கள். புகையிலையில் பசுங்கணிகம் தாய் வழியாகத்தான் வரும்; மகரந்தம் அதைக் கொண்டுபோவதில்லை. ஆகவே பிறக்கும் நாற்றுகளில் மாற்றப்பட்ட பசுங்கணிகம் இருக்காது. அவற்றில் ஏதாவது ஒன்று கனமைசினைத் தாங்கினால், அந்த மரபணு மகரந்தத்தின் உட்கரு வழியாக வந்திருக்கவேண்டும். சுமார் 2,50,000 நாற்றுகளை முளைக்கவைத்துப் பார்த்தார்கள். வெளுத்துப்போன நாற்றுக் கூட்டத்தின் நடுவே பச்சையாக நின்றவை 16. ஏறக்குறைய 16,000 மகரந்தத்துக்கு ஒன்று.

அதே ஆண்டில் ஜெர்மனியில் ரால்ஃப் போக்கின் குழு இலைச் செல்களில் இதே மாதிரியான சோதனையைச் செய்தது. அங்கே கிடைத்தது சுமார் 50 லட்சம் செல்லுக்கு ஒன்று. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் மகரந்தத்தில் நடக்கும் இடிப்பு வேலையாக இருக்கலாம். மகரந்தம் உருவாகும்போது அதிலுள்ள பசுங்கணிகங்கள் சிதைக்கப்படுகின்றன; உடைந்த டி.என்.ஏ. துண்டுகள் செல்லுக்குள் மிதக்கின்றன. உட்கருவின் குரோமோசோமில் எங்காவது அறுந்து, அதை ஒட்டுப்போடும் நொதிகள் வேலை செய்யும்போது பக்கத்தில் கிடக்கும் துண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகின்றன.

50 லட்சத்துக்கு ஒன்று என்பது கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஒரு புகையிலை இலையிலேயே அதைவிட அதிகமான செல்கள் இருக்கின்றன. ஆக ஒவ்வொரு செடியின் உடம்பிலும் எங்கோ சில செல்களில் மற்ற செல்களில் இல்லாத பசுங்கணிகத் துண்டு உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் உட்கரு இதற்குள் நிரம்பி வழிந்திருக்கவேண்டுமே? நிரம்பாததற்குக் காரணம், வந்தவை நிலைப்பதில்லை. டிம்மிஸின் குழு பிற்பாடு தங்கள் பச்சை நாற்றுகளின் வாரிசுகளைப் பின்தொடர்ந்தபோது, பல வழிகளில் அந்த மரபணு ஒரு தலைமுறைக்குள்ளேயே காணாமல் போயிருந்தது. இருந்தாலும் எந்தச் செடியின் உட்கருவைப் படித்தாலும் புதிதாக வந்து இன்னும் கலையாத துண்டுகள் கிடைக்கும். நெல்லின் பத்தாவது குரோமோசோமில் 1,31,000 எழுத்து நீளத்துக்குப் பசுங்கணிக டி.என்.ஏ. ஒரே துண்டாகக் கிடக்கிறது. நெல்லின் பசுங்கணிக டி.என்.ஏ. முழுவதுமே சுமார் 1,34,500 எழுத்துதான்.

வந்து விழுந்த துண்டு வேலைக்குச் சேர்வதையும் போக்கின் குழு 2006-ல் பார்த்தது. இந்த முறை பசுங்கணிகக் குறிகளோடு இருந்த ஒரு மரபணு ஏற்கனவே உட்கருவுக்கு வந்து ஊமையாக இருந்த செடிகளை எடுத்து, அது வாய் திறக்கும் செல்களைத் தேடினார்கள். கிடைத்தன. நடுவில் இருந்த டி.என்.ஏ. கொஞ்சம் அறுந்து விழுந்து, பக்கத்து மரபணுவின் தொடக்கக் குறி இதன் தலைமாட்டுக்கு வந்திருந்தது. வால் குறிக்குத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை. பசுங்கணிகத்திலிருந்து கொண்டுவந்த வாலையே உட்கரு ஏற்றுக்கொண்டது. செய்தித்தாளில் தப்பான இடத்தில் கத்தரித்து ஒட்டியதால் ஒரு வாக்கியம் தற்செயலாக அர்த்தம் பெற்றது போல.

இந்தப் போக்குவரத்து ஏன் பெரும்பாலும் உட்கருவின் பக்கமாகவே நடக்கிறது என்று கேட்டால், பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் இலைச் செல்லில் பசுங்கணிக டி.என்.ஏ. ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. ஒரு பசுங்கணிகம் உடைந்து அதன் டி.என்.ஏ. சிந்தினாலும் செல் பிழைத்துக்கொள்ளும், மற்றவை இருக்கின்றன. உட்கரு ஒன்றே ஒன்று. அது உடைந்தால் டி.என்.ஏ.வைப் பெற்றுக்கொண்டு பிழைத்திருக்க அங்கே செல்லே இருக்காது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். மனித உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. புதிதாகவும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட வேலைக்குச் சேர முடியாது. காரணம், மொழி மாறிவிட்டது. உட்கருவில் யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து வந்தால் 'இதோடு நிறுத்து' என்று பொருள். நம் மைட்டோகாண்ட்ரியாவில் அதே மூன்றெழுத்துக்கு 'டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்' என்று பொருள். அங்கே சரியாக ஓடிய மரபணு உட்கருவுக்கு வந்ததும் பாதி வழியில் நின்றுவிடும். செடிகளின் மைட்டோகாண்ட்ரியா பொது மொழியையே வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பயறு வகைகளில் இன்றும் இடப்பெயர்ச்சி நடக்கிறது. நமக்கு அந்த 13-ஓடு கதவு சாத்தப்பட்டுவிட்டது.

வேலைக்கு ஆகாத இந்தத் துண்டுகள் ஆய்வாளர்களை ஏமாற்றுவதில் மட்டும் கெட்டிக்காரர்கள். 1994-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 8 கோடி ஆண்டு பழைய எலும்புத் துண்டுகளிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எடுத்ததாக ஒரு கட்டுரை வந்தது. டைனோசராக இருக்கலாம் என்றார்கள். வந்த எழுத்துகள் பறவை, ஊர்வன, பாலூட்டி எதன் மைட்டோகாண்ட்ரியாவோடும் சரியாகப் பொருந்தவில்லை; அந்நியமாக இருந்ததே பழமைக்குச் சான்றாகத் தோன்றியது. அடுத்த ஆண்டு ஹான்ஸ் சிஷ்லரும் சக ஆய்வாளர்களும் மனித உட்கரு டி.என்.ஏ.வை மட்டும் தனியே எடுத்து அதே சோதனையைச் செய்தபோது, அந்த 'டைனோசர்' எழுத்துகளுக்கு மிக நெருங்கியவை அதிலிருந்தே கிடைத்தன. எலும்பைத் தொட்ட மனிதக் கை ஒன்றிலிருந்து வந்த உட்கரு டி.என்.ஏ.வில், வெகு காலத்துக்கு முன் வந்து ஒட்டிக்கொண்ட மைட்டோகாண்ட்ரியாத் துண்டு. வந்த பிறகு அது தன் போக்கில் மாறியிருந்ததால் இன்றைய மனித மைட்டோகாண்ட்ரியாவைப் போலவும் தெரியவில்லை.

இந்த மாதிரி ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. புரத மரபணு என்று எடுத்ததன் நடுவே நிறுத்தக் குறி வந்தாலோ, ஓரிரு எழுத்துகள் குறைந்து வாசிப்பே தடம் புரண்டாலோ, அது பெரும்பாலும் ஓய்வுபெற்ற உட்கருப் பிரதி. ஒரே விலங்கிலிருந்து இரண்டு விதமான வரிசைகள் கலந்து வந்தால் சந்தேகப்படவேண்டும். சிறு துண்டுகளைப் பிரதியெடுத்துப் பெருக்குவதற்குப் பதிலாக, வளையமாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுசாகச் சுற்றி வரும்படி நீளமாகப் பிரதியெடுத்தால், துண்டாகக் கிடக்கும் உட்கருப் பிரதிகள் பெரும்பாலும் விலகிவிடும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், முழு வளையமே உட்கருவில் பலமுறை திரும்பத் திரும்பச் செருகப்பட்ட குடும்பங்களும் உண்டு. வழக்கமாகத் தாய் வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா தகப்பன் வழியில் வந்ததாகச் சொன்ன ஆய்வுக்கு இப்படிப்பட்ட செருகல் விளக்கமாக அமையும் என்று பின்னர் காட்டினார்கள்.

எல்லாம் போகிறது என்றால் ஏன் கொஞ்சம் மட்டும் மிச்சம் நிற்கிறது? இதில் இரண்டு கட்சிகள். ஒன்று, காக்ஸ்-2-வில் பார்த்த எண்ணெய்ப் பசைக் காரணம். காக்ஸ்-2 சவ்வை இரண்டு முறைதான் தாண்டுகிறது, அதற்கே அவ்வளவு பாடு. அதே இயந்திரத்தின் காக்ஸ்-1 பன்னிரண்டு முறை தாண்டுகிறது. மூச்சு விடும் மைட்டோகாண்ட்ரியாக்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் காக்ஸ்-1 உள்ளேயேதான் இருக்கிறது.

இன்னொரு கட்சி ஜான் ஆலனுடையது. எலக்ட்ரான் ஓட்டத்தில் நேரடியாகக் கைவைக்கும் புரதங்களின் மரபணுக்கள் அந்த ஓட்டம் நடக்கும் இடத்திலேயே இருந்தால்தான், ஓட்டம் தடுமாறும்போது அந்த இடத்துக்கு மட்டும் உடனே சரிசெய்ய முடியும் என்கிறார் அவர். 1999-ல் வெள்ளைக் கடுகு நாற்றுகளில் அவரும் சகாக்களும் இதற்குச் சான்று காட்டினார்கள். ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி அமைப்புகள் தொடராக வேலை செய்கின்றன. ஒன்றுக்கு மட்டும் சாதகமான நிறத்தில் வெளிச்சம் கொடுத்தபோது, பின்தங்கிய அமைப்பின் மரபணுக்களைப் பசுங்கணிகம் நிமிடக் கணக்கில் கூடுதலாகப் படியெடுக்கத் தொடங்கியது. உட்கருவைக் கேட்டு, அது புரதம் செய்து அனுப்பும்வரை காத்திருக்கவில்லை. ஒரு செல்லில் பல பசுங்கணிகங்கள் இருக்கும்போது, உட்கருவுக்கு எந்தப் பசுங்கணிகம் கேட்கிறது என்றும் தெரியாது.

என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. எண்ணெய்ப் பசை, போவதை எது தடுக்கிறது என்று சொல்கிறது; ஆலன் சொல்வது, தங்குவதால் என்ன லாபம் என்பது. ஆனால் ரூபிஸ்கோவின் பெரிய துணைப்புரதம் சவ்விலேயே பதிவதில்லை, இருந்தும் நிலச் செடிகளில் பசுங்கணிகத்தை விட்டுப் போகவில்லை. எண்ணெய்ப் பசைக் கட்சிக்கு அது ஒரு தலைவலி.

நமக்குச் சாத்திய கதவை மருத்துவர்கள் கையால் திறந்து பார்த்திருக்கிறார்கள். லெபர் நோய் என்று ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 11,778-ஆவது இடத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ வந்தால், என்.டி.-4 என்ற புரதம் பழுதாகி, பெரும்பாலும் இளம் வயது ஆண்களுக்குச் சில வாரங்களில் பார்வை போய்விடலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க நல்ல வழி இல்லை. அதனால் என்.டி.-4 மரபணுவை உட்கருவின் மொழியில் திருப்பி எழுதி, முன்னால் விலாசம் ஒட்டி, தீங்கற்ற வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். தட்டப்பயறின் மூதாதையில் தற்செயலாக நடந்த அதே வேலைகள், இங்கே வரிசையாகத் திட்டமிட்டு.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில் ஒரு கண்ணில் மருந்தும் மறு கண்ணில் வெறும் ஊசியும் போட்டு ஒப்பிட்டார்கள். பலருக்கு மருந்து போட்ட கண்ணில் பார்வை ஓரளவு தேறியது. போடாத கண்ணிலும் தேறியது. அதனால் ஒப்பீடே சிக்கலாகிவிட்டது. மருந்தின் வைரஸ் பார்வை நரம்பு வழியாக மறு கண்ணுக்குப் போயிருக்கலாம் என்று குரங்குகளில் கிடைத்த தடயத்தை வைத்துச் சொல்கிறார்கள். என்.டி.-4 சவ்வைப் பலமுறை தாண்டும் எண்ணெய்ப் புரதம். வெளியே தயாரான அது உண்மையிலேயே முழுசாக உள்ளே போய் இயந்திரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்ற பழைய கேள்வியும் இங்கே திரும்ப வந்து நிற்கிறது. ஆய்வாளர்கள் அதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.